ஏழு வரிகளில் குறி, கதை ஒன்றுதான்: ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் குறிப்பெடுக்கும் முறை

காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருக்கும். அதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் அதைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டு, சிவப்பில் இருக்கும் எண்களைப் பார்த்துக் கலங்கத் தொடங்கிவிடுகிறார்கள். சில எண்களுக்கு அருகில் H, சிலவற்றுக்கு அருகில் L. H என்றால் மேல் எல்லையைத் தாண்டியது, L என்றால் கீழ் எல்லைக்கும் குறைந்தது. சில லேப்கள் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடும். சில, எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடும்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து நமக்கென்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வது மிகவும் பயனுள்ள பழக்கம். ஆனால் அதை எழுத ஒரு முறை உண்டு. ஒரு உதாரண அறிக்கையை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போய்ப் பார்ப்போம். 44 வயதுப் பெண் ஒருவர். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சோர்வாக இருக்கிறது. ‘கம்ப்ளீட் பிளட் கவுன்ட்’ எனப்படும் முழு ரத்த அணுப் பரிசோதனையும், கூடவே ஃபெரிட்டினும் பார்த்திருக்கிறார். ஏழு வரிகளில் குறி விழுந்திருக்கிறது.

அந்த எல்லை எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ‘12.0 – 15.0’ என்பதுபோல் ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். இதைப் பலரும் ‘நார்மல்’ என்று சொல்கிறோம். ஆரோக்கியமாக இருக்கும் ஒரு கூட்டத்தாரை, வழிகாட்டி நெறிப்படி குறைந்தது 120 பேரை, எடுத்து அந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, கீழ்க்கோடியில் 2.5 சதவீதத்தையும் மேல்கோடியில் 2.5 சதவீதத்தையும் ஒதுக்குகிறார்கள். நடுவில் மிஞ்சும் 95 சதவீதம் பேர் எந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறார்களோ அதுதான் எல்லை. ‘நார்மல்’ என்ற சொல் தவறான நம்பிக்கையைத் தருகிறது என்று கருதித்தான், பின்லாந்தைச் சேர்ந்த ரால்ஃப் கிராஸ்பெக்கும் நில்ஸ்-எரிக் சாரிஸும் 1969-இல் ‘ஒப்பீட்டு மதிப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே நூற்றில் ஐந்து பேர் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். அந்த எல்லையே அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஓர் ஆரோக்கியமான மனிதருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றிலாவது குறி விழ நூற்றுக்கு 64 வாய்ப்பு இருக்கிறது. ‘முழு உடல் பரிசோதனை’ என்று அறுபது எழுபது வரிகள் வரும் பேக்கேஜில் ஒரு குறிகூட இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம்.

எல்லா எல்லைகளும் இப்படி வந்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யில் 5.7-க்குக் கீழ், 5.7 முதல் 6.4, 6.5-உம் அதற்கு மேலும் என்று மூன்று படிகள் இருக்கும். கொலஸ்டிராலுக்கு 200-க்குக் கீழ் என்று இருக்கும். இவை ஆரோக்கியமானவர்களை அளந்து வந்த எண்கள் அல்ல. எந்த அளவைத் தாண்டினால் நோயும் ஆபத்தும் கூடுகின்றன என்று பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்த கோடுகள். ஒரு வரியில் இரண்டு எண்களுக்கு நடுவே கோடு இருந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. ‘இதற்குக் கீழ்’, ‘இதற்கு மேல்’ என்று படிப்படியாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் வகை. குறிப்பில் இது எந்த வகை என்று ஒரு சொல் எழுதி வைத்தால் போதும்.

ஸ்கிரீன்ஷாட்டில் விழுந்துபோவது

எண்ணைப் படிப்பதற்கு முன் படம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத் தலைப்பில்தான் வயது, பாலினம், ரத்தம் எடுத்த தேதி, நேரம் எல்லாம் இருக்கும். இரண்டாம் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இவை இருக்காது. வயதும் பாலினமும் இல்லாமல் ஹீமோகுளோபினுக்குப் பொருளே இல்லை. பெண்களுக்கு 12-இல் தொடங்கும் எல்லை ஆண்களுக்கு 13-இல் தொடங்கும்; குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு. பதிவு செய்யும்போது பாலினம் மாறிப் பதிவாகியிருந்தால் அச்சான எல்லையும் மாறிவிடும். அதனால் தேவையற்ற குறி விழலாம், விழவேண்டிய குறி விழாமலும் போகலாம். ஆகவே முதலில் சரிபார்க்க வேண்டியது எண்ணை அல்ல, தலைப்பை.

அடுத்தது அலகு. எண்ணுக்கும் எல்லைக்கும் நடுவே சிறிய எழுத்தில் இருக்கும் இதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. பிளேட்லெட்டை எடுத்துக்கொள்வோம். நம்மூர் லேப் பலவற்றில் இது லட்சக் கணக்கில் வரும்: 4.3. வேறு லேபில் ஆயிரக் கணக்கில் வரும்: 430. இன்னொன்றில் முழு எண்ணாக 4,30,000 என்றே வரும். மூன்றும் ஒரே அளவுதான். போன மாத ரிப்போர்ட்டில் 4.3, இந்த மாதத்தில் 430 என்று அலகில்லாமல் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு என்ன புரியும்? வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அனுப்பும் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 104 என்று இருக்கலாம். அங்கே லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். நம் வழக்கப்படி அது 10.4. சர்க்கரை 6 என்று இருந்தால் அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான 108 வரும்.

ஃபோனில் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் இன்னும் கவனம் தேவை. தசமப் புள்ளி காணாமல் போகும், 10.4 என்பது 104 ஆகும். எல்லையின் நடுக்கோடு மைனஸ் குறியாக மாறும். ஒரு வரியின் எண் அடுத்த வரிக்கு நழுவும். மங்கலான படத்தில் கண்ணால் படித்தாலும் இதே பிழைகள் வரும். லேப் அனுப்பிய பிடிஎஃப் கையில் இருந்தால் அதிலிருந்தே எழுதுவது நல்லது.

படித்தது சரிதானா என்று தெரிந்துகொள்ள ரத்த அணுப் பரிசோதனையிலேயே ஒரு வழி இருக்கிறது. அதிலுள்ள சில எண்கள் மற்ற எண்களிலிருந்து கணக்கிட்டு வருபவை. நம் உதாரணத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கை 4.52. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடிக்கின்றன என்று காட்டும் பி.சி.வி. 33.0. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 73.0. கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

```
33.0 ÷ 4.52 × 10 = 73.0
10.4 ÷ 4.52 × 10 = 23.0
```

முதல் வரியில் வந்தது எம்.சி.வி.; அறிக்கையோடு ஒத்துப்போகிறது. இரண்டாம் வரியில் ஹீமோகுளோபினை வைத்துக் கணக்கிட்டது எம்.சி.ஹெச்., அதாவது ஒரு சிவப்பணுவில் இருக்கும் சராசரி ஹீமோகுளோபின்; அதுவும் அறிக்கையில் 23.0 என்றே இருக்கிறது. கடைசி இலக்கத்தில் சின்ன வேறுபாடு வந்தால் பரவாயில்லை. பெரிய வேறுபாடு வந்தால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஏழு குறிகளை வரிசையாகப் பார்த்தால்

இப்போது குறி விழுந்த வரிகள். ஹீமோகுளோபின் 10.4, எல்லை 12.0 – 15.0, L. பி.சி.வி. 33.0, எல்லை 36 – 46, L. எம்.சி.வி. 73.0, எல்லை 83 – 101, L. எம்.சி.ஹெச். 23.0, எல்லை 27 – 32, L. சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 17.2, எல்லை 11.6 – 14.0, H. லிம்ஃபோசைட் 43 சதவீதம், எல்லை 20 – 40, H. பிளேட்லெட் 4.3 லட்சம், எல்லை 1.5 – 4.1 லட்சம், H.

ஏழையும் ஏழு பிரச்சினைகளாக எழுதினால் அந்தக் குறிப்பு பயத்தைத்தான் தரும். முதல் ஐந்து வரிகளும் சிவப்பணுவைப் பற்றியவை, ஒரே கதையைச் சொல்பவை. சிவப்பணுக்கள் சிறியவையாக இருக்கின்றன, அவற்றில் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது, ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாக இருக்கின்றன, அதனால் மொத்த ஹீமோகுளோபினும் குறைந்திருக்கிறது. குறிப்பில் இந்த ஐந்தையும் ஒரே அடைப்புக்குள் போட்டு, ‘ரத்த சோகை, அணுக்கள் சிறியவை’ என்று ஒரு வரி எழுதலாம். எண்கள் சொல்வதை அப்படியே எளிய மொழியில் எழுதியதுதான் இது. காரணத்தைப் பற்றி நாம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

லிம்ஃபோசைட் வரி வேறு ரகம். வெள்ளை அணுக்களில் எத்தனை சதவீதம் லிம்ஃபோசைட் என்பதுதான் 43. சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு வகை குறைந்தாலே இன்னொரு வகையின் பங்கு தானாகக் கூடிவிடும். இவருடைய மொத்த வெள்ளை அணுக்கள் 5,400, அது எல்லைக்குள் இருக்கிறது. அதில் 43 சதவீதம் என்றால் 2,322. லிம்ஃபோசைட்டின் உண்மையான எண்ணிக்கைக்கு எல்லை 1,000 – 3,000. நன்றாக உள்ளே இருக்கிறது. பல லேப்கள் இந்த எண்ணிக்கையைக் கீழே தனியாக அச்சிடவும் செய்கின்றன, ஆனால் அது அடுத்த பக்கத்தில் போய் ஸ்கிரீன்ஷாட்டில் விடுபட்டுவிடும். குறிப்பில் இதை ‘சதவீதம் மட்டும் கூடுதல், எண்ணிக்கை சரியாக உள்ளது’ என்று எழுதினால், இணையத்தில் ‘லிம்ஃபோசைட் அதிகம்’ என்று தேடி இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டிய அவசியம் இருக்காது.

பிளேட்லெட் எல்லையை மயிரிழையில் தாண்டியிருக்கிறது: 4.1-க்குப் பதில் 4.3. இரும்புச்சத்து குறையும்போது பிளேட்லெட் கொஞ்சம் கூடுவது வழக்கமாகப் பார்ப்பதுதான். அதனால் இதையும் முதல் அடைப்புக்குப் பக்கத்திலேயே, ஒரு கேள்விக்குறியோடு எழுதி வைக்கலாம்.

குறி விழாத ஒரு வரியும் இங்கே கவனிக்கத்தக்கது. எம்.சி.ஹெச்.சி. என்ற வரியில் 31.5 இருக்கிறது, எல்லை 31.5 – 34.5. எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது, அதனால் குறி இல்லை. 31.4 ஆக இருந்திருந்தால் L விழுந்திருக்கும். ஒரு தசமத்தில் உடல்நிலை மாறிவிடப் போவதில்லை. மாறுவது அச்சாகும் குறி மட்டும்தான். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஹீமோகுளோபின் எல்லையிலிருந்து 1.6 கிராம்தான் குறைந்திருக்கிறது, பார்க்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 11.0 முதல் 11.9 வரை லேசான ரத்த சோகை, 8.0 முதல் 10.9 வரை மிதமானது, 8-க்குக் கீழ் கடுமையானது. 10.4 நடுப்படியில் இருக்கிறது. எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை எழுத வேண்டும். அந்தத் தூரத்துக்கு எவ்வளவு எடை என்பது ஒவ்வொரு பரிசோதனைக்கும் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குறியே விழாத எட்டாவது வரி

இந்த அறிக்கையில் மிக முக்கியமான எண்ணுக்கு எந்தக் குறியும் இல்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 13. எதிரே அச்சிட்டிருக்கும் எல்லை 10 – 291. கணினி பார்க்கிறது, 10-க்கு மேல்தானே இருக்கிறது, விட்டுவிடுகிறது.

ஆனால் ஆரோக்கியமாகத் தெரியும் பெரியவர்களில் ஃபெரிட்டின் 15-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அப்படியென்றால் லேபின் எல்லை ஏன் 10-இலேயே தொடங்குகிறது? முன்னே பார்த்த கணக்கை நினைத்துப் பாருங்கள். ‘ஆரோக்கியமானவர்கள்’ என்று அளக்கப்பட்ட பெண்களில், தெரியாமலே இரும்புச்சத்து குறைந்திருப்பவர்களும் இருந்திருப்பார்கள். மாதவிடாய் வரும் வயதில் அது மிகச் சாதாரணம். அவர்களையும் சேர்த்து வரைந்த எல்லை கீழே இறங்கித்தான் போகும்.

ஃபெரிட்டினுக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ச்சல், தொற்று, மூட்டு அழற்சி போன்றவை இருந்தால், சேமிப்பு குறைவாக இருந்தாலும் எண் மேலே ஏறிவிடும். அதனால்தான் அதே வழிகாட்டுதல் தொற்றோ அழற்சியோ உள்ள பெரியவர்களுக்கு 70 என்று கோட்டை உயர்த்தி வைக்கிறது. ரத்தம் கொடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல் இருந்ததா என்பதை ரிப்போர்ட் சொல்லாது. நம் குறிப்புதான் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா, மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாரா, இவையும் அப்படித்தான்.

ஆகவே குறி உள்ள வரிகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. குறி விழுந்த ஒவ்வொரு வரிக்கும் அதன் துணை வரிகளையும், அவற்றில் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுத வேண்டும். ரத்த சோகை என்றால் சிவப்பணு எண்ணிக்கையும் எம்.சி.வி.யும் ஃபெரிட்டினும். வெள்ளை அணுச் சதவீதம் என்றால் மொத்த எண்ணிக்கை. கிரியேட்டினின் கூடுதல் என்றால் அருகில் இருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். துணை இல்லாத தனி எண்ணை வைத்துக்கொண்டு டாக்டரும் எதுவும் சொல்ல முடியாது.

குறிப்பு எப்படி இருக்கும்?

இந்தப் பெண்ணுக்காக எழுதினால் இப்படி வரும்:

ரத்தம் எடுத்த தேதி, நேரம், லேபின் பெயர். 44 வயது, பெண். வெறும் வயிறு. அந்த வாரம் காய்ச்சல் இல்லை. இரும்பு மாத்திரை சாப்பிடவில்லை.

ஹீமோகுளோபின் 10.4 கிராம் (12.0 – 15.0): 1.6 குறைவு. கூடவே பி.சி.வி. 33.0, எம்.சி.வி. 73.0, எம்.சி.ஹெச். 23.0 குறைவு, ஆர்.டி.டபிள்யூ. 17.2 கூடுதல். சிவப்பணு எண்ணிக்கை 4.52, எல்லைக்குள். எளிதாகச் சொன்னால்: ரத்த சோகை, அணுக்கள் சிறியவை.

ஃபெரிட்டின் 13 (10 – 291): குறி இல்லை, ஆனால் 15-க்குக் கீழ். கேட்க வேண்டும்.

பிளேட்லெட் 4.3 லட்சம் (1.5 – 4.1): 0.2 கூடுதல். இரும்போடு தொடர்பா?

லிம்ஃபோசைட் 43% (20 – 40): சதவீதம் மட்டும் கூடுதல், எண்ணிக்கை 2,322, சரியாக உள்ளது.

டாக்டரிடம் கேட்க: இரும்பு ஏன் குறைந்தது? மாதவிடாய் அதிகமாகப் போவதுதான் காரணமா, வேறு எங்காவது ரத்தம் போகிறதா? அடுத்த பரிசோதனை எப்போது?

இதில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறது. சிறிய சிவப்பணு என்றவுடன் இரும்புச்சத்துக் குறைபாடு என்று முடிவு கட்டிவிட முடியாது. பெற்றோரிடமிருந்து வரும் தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறியவையாகவே இருக்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் சிவப்பணு எண்ணிக்கை குறையாமல் 5-ஐத் தாண்டியே இருக்கும், ஃபெரிட்டினும் குறையாது; இரும்பு மாத்திரையால் அந்த அணுக்கள் பெரிதாகப் போவதில்லை. இந்த உதாரணத்தில் எண்கள் இரும்புக் குறைபாட்டின் பக்கமே சாய்கின்றன. ஆனாலும் இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ இதே எண்கள் வந்தால், குடலில் எங்கோ ரத்தக் கசிவு இருக்கிறதா என்று டாக்டர் தேடுவார். குறிப்பை நம்பி நாமே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் எண் ஏறிவிடும்; கசிவு அப்படியே இருக்கும்.

குறிப்பெடுக்கக் காத்திருக்கக் கூடாத எண்கள்

சில எண்கள் வந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், பிளேட்லெட் 20,000-க்குக் கீழ், பொட்டாசியம் 6-க்கு மேல், சோடியம் 120-க்குக் கீழ், சர்க்கரை 50-க்குக் கீழ் என்பன இந்த வகை. லேபுக்கு லேப் கோடு கொஞ்சம் மாறும். இப்படி ஓர் எண் வந்தால் நல்ல லேப் தானாகவே போன் செய்து சொல்லும். அந்த அழைப்பை எடுக்காமல் விடக் கூடாது.

அதே எண்கள் மாதிரியின் கோளாறாலும் வரலாம். ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண் ஏறிவிடும். குழாயில் இருக்கும் உறைதடுப்பு மருந்தால் சிலருக்குப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாமல் குறைத்துச் சொல்லும். அப்போது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ‘பிளேட்லெட் திரள்கள் காணப்பட்டன’, ‘மாதிரியில் அணுக்கள் உடைந்துள்ளன’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அதையும் குறிப்பில் எழுத வேண்டும். எது உண்மை என்பதை மறு மாதிரி சொல்லும். ஆனால் ‘லேப் தவறாகத்தான் இருக்கும்’ என்று நாமே தீர்மானித்துக் காத்திருக்கக் கூடாது.

பகிர்வதற்கு முன்

ஸ்கிரீன்ஷாட்டில் பெயர், வயது, தொலைபேசி எண், நோயாளி எண் எல்லாம் இருக்கும். பல அறிக்கைகளில் ஒரு கியூஆர் கட்டமும் இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் முழு ரிப்போர்ட்டும் திறந்துகொள்ளலாம். டாக்டருக்கு அனுப்பும்போது முழுப் படமும் போகட்டும். உறவினர் குழுவில் போடுவதாக இருந்தால், பெயரையும் எண்ணையும் கியூஆர் கட்டத்தையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள். நாம் எழுதிய குறிப்பை மட்டும் அனுப்பினால் இன்னும் நல்லது.

அடுத்த ரிப்போர்ட் வரும்போது

குறிப்பின் முழுப் பயனும் இரண்டாவது ரிப்போர்ட் வரும்போதுதான் தெரியும். இரண்டையும் அருகருகே வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, லேபும் அலகும் எல்லையும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. லேப் மாறினால் இயந்திரம் மாறும், எண் கொஞ்சம் நகரும். முடிந்தவரை ஒரே லேபில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது.

பிறகு, எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம்? ஒரே மனிதருக்கு இன்று எடுத்தாலும் அடுத்த வாரம் எடுத்தாலும் ஹீமோகுளோபின் அப்படியே இருக்காது. உடலும் கொஞ்சம் ஏற இறங்க இருக்கும், இயந்திரமும் கொஞ்சம் முன்பின் சொல்லும். 10.4 அடுத்த முறை 10.7 ஆனால் ‘ஏறிவிட்டது’ என்றோ, 10.1 ஆனால் ‘இறங்கிவிட்டது’ என்றோ எழுத வேண்டாம். ‘ஏறக்குறைய அதே’ என்று எழுதுங்கள். ஒரு கிராம் மாறினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய மாற்றம்.

இந்தப் பெண்ணுக்கு டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து வேலை செய்தால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவுக்கு ஏற வேண்டும். பழைய சிறிய அணுக்களோடு புதிய பெரிய அணுக்களும் கலப்பதால் ஆர்.டி.டபிள்யூ. முதலில் இன்னும் கூடலாம். அந்த H புதுக் கவலை அல்ல. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டு L மறைந்த அன்று மாத்திரையை நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. ரத்தத்துக்கு இரும்பு கிடைத்துவிட்டது, சேமிப்பு இன்னும் நிரம்பவில்லை. அதற்கு மேலும் சில மாதம் ஆகும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், அதற்கு அவர் ஃபெரிட்டினைப் பார்ப்பார். நான்கு வாரம் கழித்தும் எண் அசையவில்லை என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, டீ காபியோடு சாப்பிட்டாரா, ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். அந்தக் கேள்விகளுக்கான பதில்களைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்க வேண்டிய இடம், முதல் ரிப்போர்ட்டுக்காக எழுதிய அதே பக்கத்தின் அடிப்பகுதிதான்.